கடன் பாக்கியுள்ள வீடு: வாரிசுகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்

வீட்டுக் கடன் முடிவதற்குள் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், கருமாதி முடிந்த சில நாட்களிலேயே வங்கியிலிருந்து போன் வரும். பேசுகிறவர் பெரும்பாலும் மரியாதையாகத்தான் பேசுவார். "லோனை உங்க பேருக்கு மாத்திக்கலாம், ஆதார், பான் கார்டு எடுத்துக்கிட்டு பிராஞ்சுக்கு வந்துட்டுப் போங்க" என்பார். வீடு போய்விடக் கூடாதே என்ற பயத்தில் தாயும் மகனும் கிளம்பிப் போவார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன்பு அவர்கள் சட்டத்தின் கண்ணில் இருந்த நிலை ஒன்று, பின்பு வந்து சேர்ந்த நிலை வேறொன்று. பெரும்பாலான குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாதது இதைத்தான்.

அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் பொறுப்பா? கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத பிள்ளை, வெறும் வாரிசு மட்டுமே. இறந்தவரிடமிருந்து அவருக்கு என்ன சொத்து வந்து சேர்ந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவரிடம் கடனைக் கேட்க முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மகனுடைய சம்பளத்தையோ, மகளின் நகையையோ, மருமகனின் சேமிப்பையோ வங்கி தொட முடியாது. தகப்பன் பட்ட கடனை அடைப்பது மகனின் தர்மம் என்று பழைய இந்துச் சட்டத்தில் ஒரு கடமை இருந்தது. அதை வைத்து வழக்குப் போடும் வழியையும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. அப்பாவின் சிபில் கணக்கும் அவரோடு முடிகிறது, பிள்ளைகளின் கணக்கில் ஏறாது.

ஆனால் வீட்டின் கதை வேறு. கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. பதிவு செய்திருப்பார்கள். அந்த அடமானம் வீட்டின் மேல் நிற்கிறது. உரிமையாளர் மாறினாலும் அது நகராது. வாரிசுகளுக்கு வீடு அந்தச் சுமையோடுதான் வந்து சேர்கிறது. உயில் எழுதி ஒரே மகளுக்கு வீட்டைக் கொடுத்திருந்தாலும், கடனைப் பற்றி உயில் வேறு ஏதும் சொல்லாவிட்டால், அவர் அதை அடமானத்தோடுதான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கடன் ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்பதை. மனைவி கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், கணவர் இறந்த நாள் முதல் முழுக் கடனுக்கும் அவரே பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ஜாமீன் போட்டவருக்கும் கடனாளிக்கு இருக்கும் அதே பொறுப்பு உண்டு. இந்த இரண்டிலும் இல்லாதவர் மட்டுமே வெறும் வாரிசு. 'வீட்டுக்காரர் கேட்டார், போட்டேன்' என்று எட்டு வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்தைப் பல பெண்கள் மறந்தே போயிருப்பார்கள். ஆகவே ஒப்பந்த நகலைக் கண்ணால் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக அமைத்துக்கொண்ட உதாரணம்தான், ஆனால் இப்படிப்பட்ட குடும்பம் ஊருக்கு ஊர் இருக்கும். மதுரையில் ஒரு தனியார் நிறுவன ஊழியர். 2017-இல் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினார். வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டுத் தவணை, மாதம் 26,035 ரூபாய். எட்டு ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டு, 2025 ஆகஸ்டில் 51 வயதில் மாரடைப்பில் இறந்துவிடுகிறார். உயில் இல்லை. வேலைக்குப் போகாத மனைவி, 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த 23 வயது மகன், பதினோராம் வகுப்புப் படிக்கும் 16 வயது மகள், 74 வயதுத் தாயார். கடன் அவர் ஒருவர் பெயரில் மட்டுமே.

எட்டு ஆண்டில் அவர் கட்டியது ஏறக்குறைய 25 லட்சம். பாக்கி எவ்வளவு? சுமார் 23 லட்சத்து 45 ஆயிரம். ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதால், அசலில் குறைந்தது ஆறரை லட்சம்தான். இந்த எண்ணைப் பார்த்ததும் வங்கி ஏமாற்றிவிட்டது என்றே குடும்பம் நினைக்கும். ஏமாற்று ஏதும் இல்லை, தவணைக் கணக்கே அப்படித்தான். உண்மையான குடும்பங்களில் பாக்கி இன்னும் கூடுதலாகவே இருக்கக்கூடும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, பல வங்கிகள் தவணைத் தொகையைக் கூட்டாமல் தவணைக் காலத்தை நீட்டிவிட்டன. 2037-இல் முடியும் என்று குடும்பம் நினைத்திருக்கும் கடன் 2042 வரை நீண்டிருக்கலாம்.

இனி நாள் கணக்கு. தவணை மாதம் ஐந்தாம் தேதி அப்பாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. மரணத்தைத் தெரிவித்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கும். செப்டம்பர் 5 தவணை திரும்பிவிடும். தெரிவிக்காமல் விட்டாலும் பணம் தீர்ந்ததும் அதே கதிதான். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன், அதாவது என்.பி.ஏ., ஆகிவிடும். நம் குடும்பத்துக்கு அந்த நாள் டிசம்பர் முதல் வாரம். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, விஏஓ விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தாகி வருவதற்குள்ளேயே அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி ஓடிவிடும். என்.பி.ஏ. ஆவதற்கு முன் ஒரு தவணை கட்டினாலும் பழைய நிலுவை ஒன்று கழிந்து, கடைசி நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஆகிவிட்ட பிறகோ, நிலுவை மொத்தத்தையும் கட்டினால்தான் கணக்கு மீண்டும் ஒழுங்காகும்.

இதனால்தான் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள் என்று சொல்லும் அதே மூச்சில், தவணையை நிறுத்தாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கடன் கணக்கின் எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதில் நேரடியாகப் பணம் கட்டலாம். மகன் தன் கணக்கிலிருந்து அனுப்பலாம், மாமா கிளையில் ரொக்கமாகவே கட்டலாம். இன்னொருவர் கடனுக்குப் பணம் கட்டுவதாலேயே கட்டியவர் கடனாளி ஆகிவிடுவதில்லை. முழுத் தவணைக்கு வழியில்லாவிட்டால், சில மாத அவகாசம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம், ஆனால் வாய்ப்பேச்சாகக் கேட்டது எங்கும் பதிவாகாது.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். ஒரு பக்கம் போதும். கடன் கணக்கு எண், இறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்திருக்கிறோம் என்ற வரி. அதன் கீழே நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். இறந்த தேதியன்று கடன் பாக்கி எவ்வளவு என்ற கணக்கும், கடன் கொடுத்த நாள் முதலான முழுப் பரிவர்த்தனைப் பட்டியலும் முதலாவது. ஒப்பந்தம் மற்றும் ஒப்புதல் கடிதத்தின் நகல் இரண்டாவது. ஒப்படைத்த மூலப் பத்திரங்களின் பட்டியல் மூன்றாவது. கடனோடு எடுக்கப்பட்ட காப்பீடு ஏதும் உண்டா, உண்டென்றால் அதன் சான்றிதழ் நகல் என்பது நான்காவது. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போடத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். "வாரிசு என்ற முறையில் விவரம் கேட்கிறேன்" என்று எழுதுங்கள். "கடனை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்ற சொல் அந்தத் தாளில் வரவே கூடாது.

நான்காவதாகக் கேட்ட காப்பீடுதான் இந்தக் கதையையே திருப்பிப் போடக்கூடியது. வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் ஓர் ஆயுள் காப்பீட்டைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பிரீமியம் ஒரே தவணை, பல நேரம் அதையும் கடனிலேயே சேர்த்துவிடுவார்கள். கடன் வாங்கியவருக்கே அது நினைவிருக்காது, மனைவிக்குச் சொல்லியும் இருக்கமாட்டார். முழுப் பரிவர்த்தனைப் பட்டியலைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அதன் முதல் பக்கத்தில், கடன் தொகை வீடு விற்றவருக்கோ பில்டருக்கோ போன வரியின் பக்கத்தில், நாற்பதாயிரமோ எழுபதாயிரமோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் போயிருந்தால், காப்பீடு இருக்கிறது என்று அர்த்தம். இடையில் கடனை வேறு வங்கிக்கு மாற்றியிருந்தால் பழைய வங்கியின் காகிதங்களையும் தேட வேண்டும். மாற்றும்போது பாலிசியைச் சரண்டர் செய்யாமல் விட்டிருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கலாம்.

இங்கே இரண்டு இடத்தில் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. கடனோடு எடுத்தது சில நேரம் கட்டடக் காப்பீடாக மட்டும் இருக்கும். தீ, வெள்ளம் போன்ற சேதத்துக்குத்தான் அது, ஆள் இறந்ததற்குப் பணம் வராது. அடுத்தது, ஆயுள் காப்பீடாகவே இருந்தாலும் அது முழுக் கடனையும் மூடும் என்று நினைத்துக்கொள்வது. இந்த வகைக் காப்பீட்டில் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். சான்றிதழின் பின்பக்கங்களில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். இடப்பக்கம் மாதம் 1, 2, 3 என்று எண்கள், வலப்பக்கம் அந்தந்த மாதத்தில் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று. இறந்த மாதம் எத்தனையாவது மாதமோ, அந்த வரியில் உள்ள தொகைதான் வரும்.

நம் மதுரைக் குடும்பத்தில், பிரீமியத்தைக் குறைக்க 30 லட்சத்துக்குப் பதில் 20 லட்சத்துக்கு, 15 ஆண்டுக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு முடிந்த நிலையில் அட்டவணை காட்டும் தொகை சுமார் 12 லட்சத்து 40 ஆயிரம். கடன் பாக்கி 23.45 லட்சம். காப்பீட்டுப் பணம் கடனுக்குப் போன பிறகும் 11 லட்சத்து 5 ஆயிரம் மிஞ்சுகிறது. காப்பீடு இருக்கிறது, கடன் முடிந்தது என்று நிம்மதியாகத் தவணையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 23.45 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 16,600 ரூபாய். கிளெய்ம் வர மூன்று மாதம் ஆனால், 50 ஆயிரம் பாக்கியில் ஏறியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் அட்டவணைத் தொகையைத்தான் கொடுக்கும், அதற்குப் பிறகு ஏறிய வட்டி குடும்பத்தின் தலையில்.

கிளெய்மை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்காமல், காப்பீட்டு நிறுவனத்துக்கும் நேரடியாக எழுதிவிடுவது நல்லது. இறப்புச் சான்றிதழ், சான்றிதழ் நகல், மருத்துவமனைக் காகிதங்கள், விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். மற்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். 'சர்க்கரை நோயை மறைத்துவிட்டார்' போன்ற காரணம் காட்டி மறுப்பு வந்தால், முதலில் பாலிசியின் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டு ஓடிவிட்ட ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

கடனோடு ஒட்டாத பணமும் உண்டு. அப்பாவின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டி, 436 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, நாமினிக்கு 2 லட்சம் வரும். பி.எஃப். பிடித்தம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்த்தவரென்றால், பி.எஃப். சேமிப்போடு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கலாம். இந்த பி.எஃப். பணத்தை இறந்தவரின் கடனுக்காக யாரும் பிடித்துவைக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. அப்படியிருந்தும், கையில் வந்த பணத்தையெல்லாம் கொண்டுபோய்க் கடனில் கொட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு நம் குடும்பங்களில் அதிகம். கடனில்லாத வீடும் காலிப் பானையும் என்றால் எப்படி? மகள் இன்னும் கல்லூரிக்குப் போகவில்லை. இரண்டு வருடக் குடும்பச் செலவுக்கானதை வைப்பாகப் போட்டுவிட்டு மீதியைக் கடனுக்குக் கட்டுவதே என் பார்வையில் சரியானது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே பிறகு கட்டினாலும் அதற்கென்று நஷ்டம் இல்லை.

அடுத்து, வீடு யாருடையது? நம் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டால், சுயமாகச் சம்பாதித்து வாங்கிய அந்த வீடு உயில் இல்லாத நிலையில் நான்கு சமபங்காகப் பிரிகிறது. மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தாயாருக்கு ஒன்று. தாயாரின் பங்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தந்தை உயிரோடு இருந்திருந்தால் அவர் முதல் வகுப்பு வாரிசு இல்லை, அவருக்கு இந்த நிலையில் பங்கு வராது. தாய்க்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் உறவுகளைத்தான் காட்டும், பங்கை முடிவு செய்வது வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதியும் போகும், முஸ்லிம் குடும்பத்தில் கடன் கழித்த பிறகே பங்கீடு தொடங்கும்.

"எனக்கெதுக்குய்யா வீடு, உங்க மூணு பேருக்கும் இருக்கட்டும்" என்று அப்பத்தா பேரனிடம் சொல்லிவிடுவார். மனதாரத்தான் சொல்வார். ஆனால் வாய்ச்சொல்லால் பங்கு கைமாறாது. அப்படியே விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து அவரும் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். இறந்த மகனின் கிளைக்கு, அதாவது பேரனுக்கும் பேத்திக்கும், ஒரு பங்கு. மற்றவை சித்தப்பாவுக்கும் அத்தைக்கும். அன்று வீட்டை விற்கவோ கடனை மாற்றவோ அவர்களுடைய கையெழுத்தும் வேண்டியிருக்கும். அதனால் அப்பத்தா திடமாக இருக்கும்போதே, அவருக்கு அதில் உண்மையான சம்மதம் இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதத்தோடு விடுதலைப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்துவிட வேண்டும். சம்மதம் இல்லையென்றால் அது அவருடைய உரிமை. மகனை இழந்த தாயிடம் அதற்காக மல்லுக்கு நிற்பது தவறு. பங்கை வைத்துக்கொண்டே அவரும் மற்றவர்களோடு சேர்ந்து கையெழுத்திடலாம்.

இதைவிடச் சிக்கலானது 16 வயது மகளின் பங்கு. அவளுக்குத் தாய் இயற்கைக் காப்பாளர்தான். ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தாய் போட்ட கையெழுத்தை, மகள் 18 வயது நிறைந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். இது தெரிந்த வக்கீல் இருக்கும் வங்கி அதில் கைவைக்காது. இங்கே ஒரு நுட்பம் உதவும். அப்பா உயிரோடு இருந்தபோது வைத்த அடமானம் முழு வீட்டின் மீதும் ஏற்கெனவே இருக்கிறது, மகளுக்கு வந்த பங்கும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். எனவே பழைய அடமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடனாளியின் பெயரை மட்டும் மாற்றினால், மைனரின் பங்கைப் புதிதாக அடமானம் வைத்ததாகாது. பழைய கடனை முடித்துப் புதுக் கடன் கொடுத்து, புது எம்.ஓ.டி. போடச் சொன்னால்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். "புதுக் கடன் வேண்டாம், இருக்கும் கடனையே தொடரும்படி மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

இனித்தான் கையெழுத்து. காப்பீட்டுத் தொகை கடனில் வரவு வைக்கப்பட்டு, மிச்சம் 11.05 லட்சம் என்று எழுத்தில் வந்த பிறகு மகனும் தாயும் கிளைக்குப் போகலாம். மகன் கடனாளியாகக் கையெழுத்திட்ட நொடியில், வந்த சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு என்ற காப்பு போய்விடுகிறது. இனி அவருடைய சம்பளம், அவருடைய சிபில், நாளை அவர் கேட்கப்போகும் வேறு கடன் எல்லாமே இதோடு பின்னப்பட்டவை. தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் காக்க நினைக்கும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம், எந்தத் தொகைக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். 23.45 லட்சத்துக்குப் போட்டுவிட்டு, பிறகு காப்பீடு மறுக்கப்பட்டால் முழுதும் அந்த 23 வயதுப் பையன் தலையில்தான். அவன் ஒருவனே கடனைக் கட்டப்போகிறான், வீட்டிலோ தங்கைக்கும் பங்கு இருக்கிறது என்றால், யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற கணக்கைக் குடும்பத்துக்குள் எழுதிவைப்பதும் நல்லது. பத்து வருடம் கழித்துப் பங்கு பேசும்போது அந்த நோட்டுதான் சண்டையைத் தடுக்கும்.

தொகை குறைந்ததும் இன்னொன்றைக் கேட்டுப் பெற வேண்டும். பெருந்தொகை கட்டினால் பெரும்பாலான வங்கிகள் தவணையை அதே 26,035 ரூபாயில் வைத்துவிட்டு, காலத்தைக் குறைத்துவிடும். கணக்குப்படி கடன் நாலேகால் வருடத்தில் முடியும், வட்டியும் மிச்சம். ஆனால் 22,000 சம்பளக்காரர் 26,035 எப்படிக் கட்டுவார்? மீதமுள்ள 12 ஆண்டையும் அப்படியே வைத்துக் கணக்கிட்டால் தவணை சுமார் 12,270 ரூபாய். இ.டி.எல்.ஐ. பணத்தில் 4 லட்சத்தைக் கூடுதலாகக் கட்டினால் 7,830 ஆகும். "காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கேட்டால்தான் இது நடக்கும். சம்பளம் உயரும்போது கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

எந்தக் கணக்கும் கைகொடுக்காத குடும்பங்களும் உண்டு. காப்பீடு இல்லை, சம்பாதிக்கிறவரும் இல்லை. அங்கே வீட்டை விற்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. என்.பி.ஏ. ஆன பிறகு சர்ஃபாசி சட்டத்தின் கீழ் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வரும். இறந்தவர் பெயருக்கே வந்தாலும் திருப்பி அனுப்பாமல் வாங்கி, கெடுவுக்குள் பதில் எழுத வேண்டும். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்தால் வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை, பிறகு ஏலம். ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்க உரிமை இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். 2016-இல் வந்த திருத்தத்துக்கு முன் சொன்ன 'ஏலம் முடியும்வரை டைம் இருக்கு' என்ற பேச்சை இன்னும் நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 60 லட்சம் பெறும் வீட்டை வங்கிக்குச் சொல்லிவிட்டு நாமே விற்றால், வாங்குகிறவர் 23 லட்சத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டிவிட்டு மீதியை வாரிசுகளுக்குக் கொடுப்பார். ஏலத்திலும் மிச்சப் பணம் வாரிசுகளுக்குத்தான் சேரும், ஆனால் அவசர விலையில் என்ன மிஞ்சும் என்பது வேறு. விற்பதென்றாலும் மகளின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் சேர்த்துத் தொடங்க வேண்டும்.

இந்த நாட்களில் வசூலுக்கு ஆள் வந்தால் பயப்பட ஏதுமில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் நிலுவைக்காகப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம்.

கடைசித் தவணை கட்டி முடித்த பிறகுதான் பலர் ஓய்ந்துபோகிறார்கள். அப்போதுதான் காகித வேலை பாக்கியிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் பத்திரங்களை எப்படி ஒப்படைப்பது என்ற நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் வகுத்துத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கிளையில் 'கோர்ட்டுக்குப் போய்ட்டு வாங்க' என்று சொன்னால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டலாம். பத்திரங்களை வாங்கும்போது, முதலில் கேட்டு வாங்கிய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கிரையப் பத்திரம் மட்டும் வந்து தாய்ப்பத்திரம் வராமல் போவது அபூர்வம் இல்லை. வங்கியிடமே தொலைந்திருந்தால் நகல் பத்திரம் எடுத்துக் கொடுக்கும் செலவும் பொறுப்பும் வங்கியுடையது.

பத்திரம் கைக்கு வந்ததும், நிலுவையில்லாச் சான்றோடு வங்கி அதிகாரி ஒருவரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து, எம்.ஓ.டி.யை முடித்துவைக்கும் ரசீதைப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கடன் அடைந்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். இருபது வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது அந்தக் கிளையே வேறு வங்கியோடு இணைந்திருக்கலாம், கையெழுத்திட்ட அதிகாரியைத் தேடவும் முடியாது. பதிவு முடிந்த சில நாட்களில் வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, எம்.ஓ.டி. வரிக்குக் கீழே ரசீது வரியும் ஏறியிருக்கிறதா, அதில் பழைய ஆவண எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவிலும் வீட்டு வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றுவதை இதற்காகக் காத்திருந்து செய்ய வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்த மாதமே அந்த விண்ணப்பங்களைக் கொடுத்துவிடலாம், கடன் பாக்கி அதற்குத் தடை இல்லை.